மாதத் தவணைக்குள் என்ன இருக்கிறது?

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பிரின்சிபால், டென்யூர், கொலாட்டரல், ஃபோர்குளோஷர் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போவார். நாமும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்போம். கடைசியில் நம் காதில் தங்குவது ஒன்றே ஒன்றுதான்: "மாசம் இவ்வளவு கட்டணும்மா." அந்தத் தொகை வீட்டுச் செலவுக்குள் அடங்குமா என்று மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்போம். அடங்கும் என்று தெரிந்ததும், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம்.

அந்த மாதத் தொகை என்பது பொட்டலம் மாதிரி. உள்ளே என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்பதை இந்த நான்கு சொற்கள்தான் முடிவு செய்கின்றன. பயப்பட வேண்டாம். ஆறாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

முதலில் பிரின்சிபால். பள்ளிக்கூடத்துப் பிரின்சிபால் இல்லை. நம் பாட்டி காலத்திலிருந்து வழங்கும் 'அசல்' என்கிற சொல்தான் இது. கையில் வாங்கிய தொகையில் இன்னும் திருப்பிக் கொடுக்காமல் நிற்கும் பாக்கிதான் அசல். வட்டி இந்த அசலுக்குத்தான் போடப்படுகிறது என்பதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ஒரு குடும்பம் 20 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட எளிதாக இருக்கட்டும் என்று வட்டி வருஷத்துக்கு 9 சதவிகிதம், காலம் 20 வருஷம் என்று எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மாதத் தவணை 17,995 ரூபாய் வரும்.

முதல் மாதத்தைப் பார்ப்போம். 20 லட்சத்துக்கு 9 சதவிகிதம் என்றால் ஒரு வருஷ வட்டி 1,80,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் ஒரு மாத வட்டி 15,000. நீங்கள் கட்டும் 17,995-ல் இந்த 15,000 முதலில் போய்விடுகிறது. மீதி 2,995 ரூபாய்தான் அசலில் கழிகிறது. அடுத்த மாதம் அசல் 19,97,005. அதற்கு வட்டி 14,978 ரூபாய். ஆகவே அசலில் கழிவது 3,017. இப்படி மாதா மாதம் வட்டி துளித் துளியாகக் குறைய, அசலுக்குப் போகும் பங்கு துளித் துளியாகக் கூடுகிறது. கட்டுகிற தொகை என்னவோ அதே 17,995தான்.

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது என் தங்கை மகள் கடன் கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "பெரியம்மா, அஞ்சு வருஷமா ஒரு மாசம்கூடத் தவறாம கட்டறோம். அசல் அசையவே மாட்டேங்குதே. பேங்கில் ஏதாவது தப்பாப் போட்டிருப்பாங்களோ?"

தப்பு ஒன்றும் இல்லை. நம் 20 லட்சம் கணக்கிலேயே பாருங்கள். முதல் வருஷம் முழுவதும் கட்டுவது 2,15,940 ரூபாய். அதில் அசலுக்குப் போனது ஏறக்குறைய 37,460 மட்டும். ஐந்து வருஷத்தில் கட்டிய மொத்தம் 10 லட்சத்து 79 ஆயிரத்துச் சொச்சம். அசலில் குறைந்ததோ சுமார் 2 லட்சத்து 26 ஆயிரம். பாதி அசல், அதாவது 10 லட்சம், கழிய எத்தனை வருஷம் ஆகும் தெரியுமா? பதினாலு வருஷம்! மீதிப் பாதி கடைசி ஆறு வருஷத்தில் மளமளவென்று கழிந்துவிடும். எல்லாத் தவணைக் கடனும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆரம்ப வருஷங்களில் வட்டிதான் ராஜா.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. வங்கி வீட்டுக் கடனில் வட்டி, மீதியிருக்கும் அசலுக்குத்தான். ஆனால் பர்னிச்சர், இரு சக்கர வண்டி போன்றவற்றுக்குக் கடன் கொடுக்கும் சில இடங்களில் 'ஃப்ளாட் ரேட்' என்று ஒன்று சொல்வார்கள். அதில், நீங்கள் பாதி அசலைத் திருப்பிக் கொடுத்த பிறகும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி ஓடும். ஒரு லட்சம் ரூபாய், மூன்று வருஷம், 12 சதவிகிதம் ஃப்ளாட் என்றால் வட்டி 36,000. மாதத் தவணை 3,778. அதே 12 சதவிகிதம் குறையும் அசலுக்குப் போட்டால் தவணை 3,321தான். மொத்த வட்டியும் இருபதாயிரத்துக்குள் அடங்கிவிடும். அதாவது அந்த 12 சதவிகித ஃப்ளாட், உண்மையில் 21 சதவிகித வட்டிக்குச் சமம். "வட்டி எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாமல், "குறைகிற அசலுக்கா, முழு அசலுக்கா?" என்றும் கேட்டுவிடுங்கள்.

காலத்தை நீட்டினால்

டென்யூர் என்றால் கடனைக் கட்டி முடிக்கும் கால அளவு. வீட்டுக்காரருக்கும் நமக்கும் அதிகமாக ஆசை காட்டுகிற சொல் இதுதான். "காலத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கலாம் மேடம், மாசாமாசம் பாரம் குறையும்" என்பார்கள். பாரம் குறையும் என்பது வாஸ்தவம். எவ்வளவு குறையும் என்று பார்க்கலாமே.

அதே 20 லட்சம், அதே 9 சதவிகிதம். 20 வருஷத்துக்குத் தவணை 17,995. முழுக் காலத்துக்கும் சேர்த்து வட்டி மட்டும் 23 லட்சத்து 19 ஆயிரம். அதையே 30 வருஷமாக்கினால் தவணை 16,092 ஆகிறது. மாதம் 1,903 ரூபாய் மிச்சம். ஆனால் மொத்த வட்டி 37 லட்சத்து 93 ஆயிரமாக ஏறிவிடுகிறது. மாதம் இரண்டாயிரம்கூட மிச்சமாகாத சௌகரியத்துக்குப் பதினாலே முக்கால் லட்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம். அதே சமயம் 15 வருஷத்தில் முடிப்பதாகச் சொன்னால் தவணை 20,285. மாதம் 2,290 ரூபாய் கூடுதல்தான். வட்டியோ 16 லட்சத்து 51 ஆயிரத்தோடு நின்றுவிடும்.

பத்து வருஷத்தைக் கூட்டியும் தவணை ஏன் அவ்வளவு கொஞ்சமாகக் குறைகிறது என்று தோன்றும். முதல் மாத வட்டி 15,000 என்று பார்த்தோம் அல்லவா? காலத்தை எவ்வளவு நீட்டினாலும் அந்த வட்டி குறையாது. நீட்டுவதால் குறையக்கூடியது அசலுக்குப் போகும் 2,995 ரூபாய் மட்டும்தான். 30 வருஷத் தவணையில் முதல் மாதம் அசலுக்குப் போவது 1,092 ரூபாய். அதற்கு மேல் நீட்டினால், கிட்டத்தட்ட வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இது நாம் தெரிந்து தேர்ந்தெடுக்கும் கால அளவு. நமக்குத் தெரியாமலே நீளும் கால அளவு ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையில் மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இன்று வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை 'ஃப்ளோட்டிங்' வட்டி. வட்டி ஓரிடத்தில் நிற்காது, ஏறும், இறங்கும். 2019 அக்டோபருக்குப் பின் வங்கிகள் கொடுத்த ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு முடிச்சுப் போடப்பட்டவை. 2022 மே தொடக்கத்தில் அந்த விகிதம் 4 சதவிகிதமாக இருந்தது. 2023 பிப்ரவரிக்குள் படிப்படியாக 6.5 சதவிகிதம் ஆகிவிட்டது. ஒன்பதே மாதத்தில் இரண்டரை சதவிகித ஏற்றம்! 2025-ல் திரும்பக் குறைக்கவும் செய்தார்கள். ஏறியபோது பல வீடுகளில் தவணைத் தொகை மாறவே இல்லை. "நல்லவேளை, நமக்கு ஏறலை" என்று பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஏறியது தவணையில் இல்லை, காலத்தில்.

நம் குடும்பத்துக்கே வருவோம். ஒரு வருஷம் கட்டியாகிவிட்டது. மீதி அசல் 19 லட்சத்து 62 ஆயிரத்துச் சொச்சம். மீதித் தவணைகள் 228. இப்போது வட்டி 9-லிருந்து 10 சதவிகிதம் ஆகிறது. ஒரே ஒரு சதவிகிதம். தவணையைத் தொடாமல் 17,995-ஆகவே வைத்தால், கட்டவேண்டிய தவணைகள் 228-லிருந்து 289 ஆகிவிடும். 61 தவணைகள் கூடுதல். அதாவது ஐந்து வருஷத்துக்கு மேல்! ரூபாயில் பார்த்தால் பதினொரு லட்சத்தைத் தொடுகிறது. அதற்குப் பதிலாகக் காலத்தை அப்படியே விட்டுத் தவணையை மட்டும் ஏற்றினால் 19,258 ஆகும். மாதம் 1,263 ரூபாய் கூடுதல். 228 மாதத்துக்கும் சேர்த்தாலும் 2 லட்சத்து 88 ஆயிரம்தான். ஒரே வட்டி ஏற்றத்துக்கு ஒரு வழியில் பதினொரு லட்சம், இன்னொரு வழியில் மூன்று லட்சத்துக்கும் கீழே. எந்த வழி என்று நம்மைக் கேட்காமலே பல இடங்களில் முதல் வழியில் போட்டுவிட்டார்கள்.

இன்னும் ஒரு சதவிகிதம் ஏறி 11 ஆனால் என்ன ஆகும்? அந்த அசலுக்கு ஒரு மாத வட்டி 17,990 ரூபாய். தவணை 17,995. அசலுக்குப் போவது ஐந்து ரூபாய்! அதற்கும் மேல் ஏறினால் தவணை வட்டிக்கே போதாது. கட்டக் கட்டக் கடன் வளரும்.

இப்படி நடந்ததால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையோ காலமோ எப்படி மாறுகிறது என்பதை உடனே கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்குக் கொடுக்க வேண்டும். காலத்தை நீட்டுவதால், தவணை வட்டிக்கே போதாமல் கடன் வளரும் நிலை வரக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குத் தாள் தர வேண்டும். அதில் இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணைகளின் எண்ணிக்கை, வருஷ வட்டி விகிதம் எல்லாம் இருக்க வேண்டும்.

அந்தத் தாள் வந்ததும் நீங்கள் பார்க்கவேண்டியது ஒரே ஒரு எண்: மீதித் தவணைகளின் எண்ணிக்கை. போன தாளில் 228 என்று இருந்தால் இந்தத் தாளில் 225 என்று இருக்க வேண்டும். மூன்று மாதம் கட்டினோம், மூன்று குறைய வேண்டும், அவ்வளவுதான். 228 என்றே இருந்தாலோ, 240 என்று ஏறியிருந்தாலோ, காலம் சத்தமில்லாமல் நீண்டிருக்கிறது என்று அர்த்தம். மறுநாளே வங்கிக்குப் போய், "தவணையை ஏற்றிக்கொள்கிறோம், காலத்தைப் பழையபடி வையுங்கள்" என்று எழுத்தில் கொடுக்கலாம். தாளைக் கண்ணிலேயே பார்த்ததில்லை என்பவர்கள், வங்கியின் செயலியிலோ இணையக் கணக்கிலோ தேடிப் பார்க்கலாம், கிளையிலும் கேட்கலாம். வீட்டில் பால் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த எண்ணைத் தேதியோடு குறித்து வைக்கிறாள் என் தங்கை மகள். அவள் தவணை நீளவில்லை என்று அதில்தான் தெரிந்தது. வட்டி கொஞ்சம் இறங்கினபோது எண் நாலு நாலாகக் குறைந்ததையும் அதில்தான் கண்டாள்.

ஈடு

கொலாட்டரல் என்பதற்கு நம்மிடம் 'ஈடு' என்ற நல்ல சொல் இருக்கிறது. கடனைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்தவரிடம் வைக்கும் பொருள். நகைக் கடனில் நகை ஈடு. வீட்டுக் கடனில் அந்த வீடே ஈடு. ஈடு மாதத் தவணையை நேரடியாக மாற்றுவதில்லை. ஆனால் ஈடு இருப்பதால்தான் வீட்டுக் கடனுக்கு வட்டி குறைவு. ஈடில்லாத தனிநபர் கடனுக்கு அதிகம். அத்துடன், வீட்டின் மதிப்பு முழுவதையும் கடனாகத் தரமாட்டார்கள். 30 லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 90 சதவிகிதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75 சதவிகிதம் என்பதுதான் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. மீதி நம் கையிலிருந்து போட வேண்டும்.

வீட்டை ஈடு வைப்பது எப்படி நடக்கிறது? கிரயப் பத்திரத்தையும் தாய்ப் பத்திரங்களையும் வங்கியில் ஒப்படைக்கிறோம். நம் தமிழ்நாட்டில் அந்த ஒப்படைப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் ஆவணமாகப் பதிவும் செய்கிறார்கள். வில்லங்கச் சான்று எடுத்தால் அதில் இந்தப் பதிவு தெரியும். ஒப்படைக்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் எண், வருஷம், பக்க எண்ணிக்கை குறித்த பட்டியலை வங்கியின் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் கழித்து, "இந்தத் தாய்ப் பத்திரம் எங்களிடம் வரவே இல்லையே" என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டியல்தான் பேசும்.

பெண்களுக்கு இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. "சும்மா ஒரு கையெழுத்து" என்று மனைவியையும் கடனில் சேர்ப்பார்கள். கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் பாதிக் கடனுக்கு மட்டும்தான் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழுக் கடனையும் உங்களிடமே கேட்கலாம். கடன் எடுத்தவர் இறந்துவிட்டாலும் கடன் தானாக மறைந்துவிடாது. அதனால்தான் கடனோடு காப்பீடு எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிட்டால் அதுவும் அசலாகி, அதற்கும் 20 வருஷம் வட்டி ஓடும். அதைத் தனியாகக் கட்ட முடியுமா என்று கேட்கலாம். 2024 அக்டோபர் முதல், புதிதாகக் கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கு, கட்டணங்கள், வட்டி, ஒட்டுமொத்த வருஷச் செலவு விகிதம் எல்லாம் அடங்கிய முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன்தாரருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். தமிழில் தாருங்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை, உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கக் கூடாது.

ஒரே சொல், இரண்டு முகம்

ஃபோர்குளோஷர் என்றால் பலருக்குத் திகில். ஆங்கிலப் படங்களில், தவணை கட்டாத குடும்பத்தை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டைப் பூட்டுவார்களே, அமெரிக்காவில் அதற்குத்தான் அந்தப் பெயர். நம் ஊர் வங்கியில் அதே சொல்லுக்கு நேர்மாறான அர்த்தம். மீதிக் கடன் முழுவதையும் கெடுவுக்கு முன்பே நாமே கட்டி, கணக்கை முடிப்பதுதான் இங்கே ஃபோர்குளோஷர். ஆகவே, "ஃபோர்குளோஷர் ஸ்டேட்மெண்ட் அனுப்பியிருக்கிறோம்" என்று குறுஞ்செய்தி வந்தால் நெஞ்சு படபடக்க வேண்டியதில்லை. இன்று முடித்தால் எவ்வளவு என்ற கணக்கு அது.

படத்தில் வரும் அந்த மாதிரி நிலைமைக்கு இங்கே வேறு சட்டம் உண்டு. 2002-ல் வந்தது, சர்ஃபாசி என்பார்கள். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கை வாராக்கடன் என்று வகைப்படுத்துவார்கள். அதன் பின் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க உரிமை உண்டு. வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கும் பிறகுதான் வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை. அப்போதும் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முதல் தவணை தவறும்போதே வங்கிக்குப் போய்ப் பேசிவிட்டால், இந்தப் பாதையில் காலே வைக்காமல் தப்பிக்க நிறைய வழி இருக்கும். அந்த 60 நாள் நோட்டீஸைப் பிரிக்காமல் பீரோவில் போடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

இனி நல்ல ஃபோர்குளோஷருக்கு வருவோம். முழுக்க அடைக்க முடியாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டிக் கட்டலாம். சீட்டுப் பணமோ போனஸோ வந்தது, ஒரு லட்சம் ரூபாய் கட்டுகிறோம் என்று வையுங்கள். அந்த லட்சம் நேராக அசலில் கழியும். நம் குடும்பம் முதல் வருஷ முடிவில், 9 சதவிகித வட்டி இருக்கும்போது, அப்படிக் கட்டினால் மீதித் தவணை 228-லிருந்து சுமார் 200 ஆகிவிடும். 27 மாதத்துக்கு மேல் குறைகிறது. கட்டவேண்டாத தவணைத் தொகை ஐந்து லட்சத்தை நெருங்குகிறது. அதே லட்சத்தைப் பதினைந்தாம் வருஷ முடிவில் கட்டினால் எட்டரை மாதம்தான் குறையும். மிச்சம் ஒன்றரை லட்சம். வட்டி ராஜாவாக இருக்கும் வருஷங்களில்தான் அவரை அசைக்க வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. முன்கூட்டிக் கட்டியதும் வங்கி இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: காலத்தைக் குறைக்கலாம், அல்லது காலத்தை அப்படியே விட்டுத் தவணையைக் குறைக்கலாம். நம் லட்சத்துக்குத் தவணையைக் குறைத்தால் 17,995 என்பது 17,078 ஆகும். மாதம் 917 ரூபாய் குறைவு; 228 மாதத்தில் மொத்தம் 2 லட்சத்து 9 ஆயிரம். காலத்தைக் குறைத்திருந்தால் கிட்டத்தட்ட ஐந்து லட்சம். மாத வருமானம் இறுக்கமாக இருப்பவர்களுக்குத் தவணை குறைவதே மூச்சுவிடும் வழி என்றால் அதைத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. மற்றவர்கள் பணத்தோடு ஒரு கடிதமும் கொடுங்கள்: "இந்தத் தொகையை அசலில் வரவு வைக்கவும்; தவணை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்." கடிதம் இல்லாமல் கட்டினால் சில இடங்களில் அதை அடுத்தடுத்த மாதத் தவணைகளுக்கான முன்பணமாக வைத்துக்கொள்வதும் உண்டு. அடுத்த மாதமே மீதித் தவணை எண்ணைப் பாருங்கள், குறைந்திருக்க வேண்டும்.

"முன்னாடியே கட்டினா அபராதம் போடுவாங்களாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனுக்கு வங்கிகள் அப்படி வசூலிக்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும் அல்லது புதுப்பிக்கும் கடன்களுக்கு 2025 ஜூலையில் வந்த விதி இன்னும் தெளிவாக இருக்கிறது. தொழிலுக்கு அல்லாமல் தனிநபர் வாங்கும் ஃப்ளோட்டிங் வட்டிக் கடனை எந்தப் பணத்தில் கட்டினாலும், எப்போது கட்டினாலும், முழுக்க அடைத்தாலும் கொஞ்சம் அடைத்தாலும் கட்டணம் கிடையாது. நிலையான வட்டிக் கடன்களுக்குக் கட்டணம் இருக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் விவரத் தாளில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

கையில் வந்த பணத்தை எல்லாம் வீட்டுக் கடனில் கொட்டுவதும் சரியில்லை. முன்னால் சொன்ன ஃப்ளாட் ரேட் கடன் ஒன்று 21 சதவிகிதத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, 9 சதவிகித வீட்டுக் கடனை முதலில் அடைப்பது எண்ணெய் சிந்துகிற பாத்திரத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் சிந்துகிற குடத்தைத் துடைக்கிற மாதிரி. நகையை அடகு வைத்து வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதிலும், நகைக் கடன் வட்டி வீட்டுக் கடனைவிடக் குறைவாக இருந்தாலொழிய லாபமே இல்லை.

கடைசித் தவணைக்குப் பிறகு

முழுவதும் அடைக்கப் போகிறீர்களா? ஃபோர்குளோஷர் ஸ்டேட்மெண்டில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி வரைக்குமான வட்டிதான் அதில் சேர்ந்திருக்கும். இரண்டு நாள் தள்ளிக் கட்டினால் நூறு, ஐந்நூறு என்று ஏதோ ஒரு பாக்கி நிற்கும், கணக்கு முடியாது. பணம் கட்டிய பிறகு, வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் தவணை எடுக்கக் கொடுத்திருந்த உத்தரவை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 'பாக்கி இல்லை' என்ற சான்றையும் வாங்குங்கள்.

பத்திரங்களைத் திருப்பித் தர மாதக்கணக்கில் அலையவிட்ட காலம் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் அதற்கு ஒரு கடிவாளம் வந்தது. முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் எல்லா மூலப் பத்திரங்களையும் திருப்பித் தர வேண்டும். தங்கள் பக்கத் தாமதத்தால் அதற்கு மேல் ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் ஈட்டுத்தொகை தர வேண்டும். பத்திரம் தொலைந்துபோனாலோ சேதமானாலோ நகல் எடுத்துத் தர உதவி, அதன் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும். அதற்கு மேலும் 30 நாள் அவகாசம் உண்டு. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் எப்படி ஒப்படைப்பார்கள் என்ற நடைமுறையையும் வங்கி முன்கூட்டியே வகுத்து வைத்திருக்க வேண்டும்.

பத்திரம் கைக்கு வந்ததும் ஆரம்பத்தில் வாங்கி வைத்த பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வீட்டுக்கு வந்து பீரோவில் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒப்படைப்பு ஆவணம் பதிவானது நினைவிருக்கிறதா? கடன் தீர்ந்தது என்று ரசீது ஆவணம் ஒன்றை அங்கே பதிவு செய்தால்தான் அந்தப் பதிவு தீரும்; வங்கி அதிகாரி வந்து கையெழுத்திட வேண்டியிருப்பதால் கணக்கை முடிக்கும்போதே தேதி பேசி வைத்துக்கொள்வது நல்லது. பதிவாகிச் சில நாள் கழித்துப் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். ஒப்படைப்புப் பதிவுக்குப் பின்னால் அந்த ரசீதுப் பதிவும் இருக்க வேண்டும்.